சகனாக்கி என்பது சட்டியின் பெயர்

கேள்வி: செப்டம்பரில் குடும்பத்தோடு ஏதென்ஸ் போகிறோம். நான், மனைவி, பன்னிரண்டு வயது மகன், அம்மா. அம்மா சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார், பால் தயிர் பரவாயில்லை. கிரேக்கச் சாப்பாடு யாருக்கும் பழக்கமில்லை. டவெர்னா மெனுக்களை இணையத்தில் பார்த்தால் மெஸே, சாகனாக்கி, ஹோரியாடிக்கி என்று போகிறது. எதைக் கேட்டால் என்ன வரும்? எப்படி ஆர்டர் செய்வது?

பதில்:

நீங்கள் கேட்ட மூன்று சொற்களில் ஒன்றுகூட உணவின் பெயர் இல்லை. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. மெஸே என்பது சாப்பிடும் முறை. சகனாக்கி என்பது பாத்திரம். ஹொரியாத்திகி என்றால் ‘கிராமத்து’ என்று மட்டுமே பொருள். கிரேக்க மெனுவில் பாதிச் சொற்கள் இப்படித்தான் இருக்கும். எதில் சமைத்தது, எப்படிச் சமைத்தது, எந்த ஊர்ப் பாணி என்று சொல்லும். தட்டில் என்ன இருக்கிறது என்பதைப் பக்கத்துச் சொல்லில் வைத்திருக்கும். நம் ஊரில் ‘வறுவல்’ என்று மட்டும் எழுதியிருந்தால் என்ன வறுவல் என்று கேட்போமே, அதே கேள்வியை இங்கேயும் கேட்டுப் பழகினால் மெனு தன்னால் திறந்துகொள்ளும்.

நான் ஏதென்ஸுக்குப் பக்கத்துத் துறைமுகமான பிரேயஸில் ஆறு வருடம் வேலை பார்த்தவன். வீட்டில் சமைக்காத நாட்களில் தவேர்னாவில்தான் சாப்பாடு. ‘டவெர்னா’ என்று எழுதாமல் ‘தவேர்னா’ என்று நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. கிரேக்கர்களின் ‘த’ நம் ‘பத்து’வில் வரும் ‘த’ போல நாக்கு பல்லைத் தொட்டு வரும் ஒலி. அதேபோல சகனாக்கியில் நடுவில் வரும் ‘க’, நாம் ‘அகம்’ என்று சொல்லும்போது வரும் மெல்லிய ‘க’தான். ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படிப்பதைவிடத் தமிழில் எழுதிப் படித்தால் பரிசாரகருக்கு உடனே புரியும்.

முதலில் மெஸே. பாரசீகத்தில் ருசி என்று பொருள்படும் சொல், துருக்கி வழியாகக் கிரேக்கத்துக்கு வந்தது. அதே பாரசீகச் சொல்தான் இந்திக்குப் போய், அங்கிருந்து நம் தெருப் பேச்சில் ‘மஜா’ ஆகியிருக்கிறது. பன்மையில் மெஸேதெஸ் என்பார்கள். மது அருந்தும்போது கூடவே கொறிக்கும் சிறு தட்டுகள் என்பது அதன் அடிப்படை. ஆனால் மது எடுக்காதவர்களும் மெஸே தட்டுகளை மட்டுமே வைத்து முழுச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளலாம். யாரும் ஏறிட்டுப் பார்க்கமாட்டார்கள். மெனுவில் பெரும்பாலும் ‘ஒரெக்திகா’ என்ற தலைப்பின் கீழ் இவை இருக்கும். பசியைத் தூண்டுபவை என்று பொருள்.

ஆளுக்கொரு தட்டு என்று கேட்பதுதான் முதன்முதலாகப் போகிறவர்கள் செய்யும் தவறு. மெஸே தட்டு எதுவும் ஒருவருக்கானது இல்லை. எல்லாம் மேசை நடுவில் வைக்கப்படும், எல்லோரும் எடுத்துச் சாப்பிடுவார்கள். சாலட்டும் அப்படித்தான். தட்டுகள் வரிசைப்படி வராது. சமையலறையில் எது தயாரோ அது வரும். பொரித்தது முதலில் வரலாம், சாலட் அதற்குப் பிறகு வரலாம். முதன்மை உணவு கேட்டிருந்தால் அதுவும் நடுவிலேயே வந்து உட்காரும். வட்டமாக உட்கார்ந்து பொரியலையும் கூட்டையும் நடுவில் வைத்து எடுத்துப் போட்டுக்கொள்ளும் நமக்கு இது கஷ்டமே இல்லை. நான்கு பேருக்கு ஒரு சாலட், நான்கைந்து மெஸே, இரண்டு பெரிய தட்டு என்பது நிறைவான கணக்கு. அளவு பெரிதாக இருக்கும் என்பதால் முதலில் குறைவாகச் சொல்லிவிட்டு, பிறகு கூட்டிக்கொள்வது நல்லது. ‘பிகிலியா’ என்று ஒன்று மெனுவில் இருந்தால் அது பலவகை மெஸே கலந்த ஒரே பெரிய தட்டு. வசதிதான். ஆனால் அதில் இறைச்சியும் காய்கறியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரும், அம்மாவுக்கு ஆகாது.

இப்போது சகனாக்கி. இரண்டு பக்கமும் காது வைத்த, ஆழமில்லாத சின்ன வாணலிக்கு ‘சகானி’ என்று பெயர். அரபியில் தட்டு என்று பொருள்படும் சொல்லிலிருந்து துருக்கி வழியாக வந்தது. கிரேக்கத்தில் ‘ஆக்கி’ என்ற விகுதி ஒரு பொருளைச் சிறியதாகவோ செல்லமாகவோ சொல்வதற்கானது. சகானி என்றால் சட்டி, சகனாக்கி என்றால் குட்டிச் சட்டி. சூவ்லா என்றால் இறைச்சி குத்தும் பெரிய கம்பி. சூவ்லாக்கி என்றால் சின்னக் கம்பி. இந்த விகுதியைத் தெரிந்துகொண்டால் மெனுவில் நிறையச் சொற்கள் பாதி பழகிவிடும்.

எனவே ‘சகனாக்கி’ என்று மட்டும் எழுதியிருந்தால் பாலாடைக்கட்டி, அதாவது பொரித்த சீஸ். ‘கரீதெஸ் சகனாக்கி’ என்றால் அதே சட்டியில் தக்காளிச் சாறும் ஃபெட்டா என்ற சீஸும் சேர்த்துச் சமைத்த இறால். ‘மீதியா சகனாக்கி’ என்றால் அதே வகையில் சிப்பி. மூன்றும் மெனுவில் அடுத்தடுத்து இருக்கும். அம்மாவுக்காகச் சொல்லும்போது வெறும் சகனாக்கி என்று விட்டுவிடாமல் ‘தீரி சகனாக்கி’ என்று சொல்லுங்கள். தீரி என்றால் சீஸ்.

பிரேயஸில் நான் போய்க்கொண்டிருந்த கடையில் சமையல்காரருக்குப் பக்கத்தில் நின்று இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். கெஃபலோதீரி அல்லது கெஃபலோகிராவியெரா என்ற கெட்டியான, உப்பு தூக்கலான சீஸை விரல் கனத்துக்கு ஒரு பலகைபோல வெட்டுவார். அதைக் குழாய்த் தண்ணீரில் ஒரு முறை காட்டிவிட்டு, ஈரத்தோடு மைதாவில் இருபுறமும் புரட்டி, அதிகப்படி மாவைத் தட்டிவிடுவார். எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகுதான் சட்டியில் விடுவார். பக்கத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம். பொன்னிறம் வந்ததும் புரட்டல். அப்படியே சட்டியோடு மேசைக்கு. பக்கத்தில் ஒரு எலுமிச்சைத் துண்டு, அவ்வளவுதான்.

சீஸ் ஏன் உருகி ஓடிவிடுவதில்லை என்றால், இந்த வகைகள் குறைந்தது மூன்று மாதம் முதிர்ந்தவை, ஈரம் குறைந்தவை. தண்ணீரில் நனைந்த மாவு சூட்டில் உடனே ஓடாகிவிடுகிறது. உள்ளே இளகினாலும் ஓடு பிடித்துக்கொள்கிறது. எண்ணெய் காயாமல் போட்டால் மாவு எண்ணெயைக் குடித்து, ஓடு உடைந்து, சீஸ் வழிந்துவிடும். அப்படி எண்ணெய்க் குளத்தில் சுருங்கிக் கிடக்கும் துண்டு வந்தால் அது அவசரச் சமையல் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். சில இடங்களில் சைப்ரஸ் நாட்டு ஹலூமியில் செய்வார்கள். அந்தச் சீஸைச் செய்யும்போதே கட்டியைச் சூடான மோர்த்தண்ணீரில் வேகவைத்துவிடுவதால் அது உருகவே உருகாது. கடித்தால் பல்லில் கீச்சென்று சத்தம் வரும்.

வந்ததும் எலுமிச்சையை முழுசாகப் பிழிந்துவிடுங்கள். உப்பையும் எண்ணெயையும் ஈடுகட்டுவது அந்தப் புளிப்புதான். ஆறவிடக் கூடாது. ஐந்து நிமிடம் போனால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். புகைப்படம் எடுத்து முடிப்பதற்குள் நல்ல தருணம் போய்விடும். நான்கு பேருக்கு ஒரு தட்டு தாராளம். இரண்டு கேட்டால் இரண்டாவது மிஞ்சும்.

பிராந்தி ஊற்றித் தீ மூட்டி ‘ஓபா!’ என்று கத்தும் சகனாக்கியைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். அது அமெரிக்காவில், சிகாகோ நகரத்துக் கிரேக்கத் தெருவில் பிறந்த வழக்கம். 1968இல் அங்கே திறந்த ‘பார்த்தினான்’ என்ற உணவகம்தான் அதைத் தொடங்கியதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. கிரேக்கத்தில் தீ வராது. மகனிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள், இல்லையென்றால் காத்துக்கொண்டிருப்பான்.

அம்மா விஷயத்தில் இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஃபெட்டா, கெஃபலோதீரி போன்ற பாரம்பரியச் சீஸ்களில் பாலைத் திரிக்க ரென்னெட் என்ற பொருளைச் சேர்ப்பார்கள். பல தயாரிப்பாளர்கள் இன்றும் கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பதையே பயன்படுத்துகிறார்கள். தவேர்னாவில் கேட்டால் எந்த ரென்னெட் என்று பரிசாரகருக்குத் தெரிந்திருக்காது. பால் பொருள் என்று நினைத்து அம்மா சாப்பிட்டுவிட்டு, பிறகு தெரிந்து வருத்தப்படுவதைவிட இப்போதே அவரிடம் சொல்லி, முடிவை அவருக்கே விட்டுவிடுங்கள். தயிரில் ரென்னெட் கிடையாது என்பதால் த்சத்சீக்கிக்குக் கவலை இல்லை. கெட்டித் தயிரில் துருவிப் பிழிந்த வெள்ளரிக்காய், பூண்டு, ஆலிவ் எண்ணெய் சேர்த்ததுதான் த்சத்சீக்கி. நம் தயிர்ப் பச்சடிக்குப் பூண்டு போட்ட அக்கா.

ஹொரியாத்திகிக்கு வருவோம். ஹொரியோ என்றால் கிராமம். ஹொரியாத்திகி சலாத்தா என்றால் கிராமத்துச் சாலட். வெளிநாட்டில் ‘கிரீக் சாலட்’ என்று விற்பது இதைத்தான். ஆனால் இரண்டும் ஒன்றாக இருப்பது அரிது. முறையான ஹொரியாத்திகியில் இலைக்கோஸ் இலை, அதாவது லெட்டூஸ், இருக்காது. தக்காளி பெரிய துண்டுகளாக, வெள்ளரிக்காய் கனமான வில்லைகளாக, வெங்காயம், பச்சைக் குடைமிளகாய், ஆலிவ் காய். மேலே ஃபெட்டா. ஃபெட்டாவைப் பொடித்துத் தூவமாட்டார்கள். ஒரு முழுப் பாளத்தைத் தலையில் வைத்து, அதன்மேல் காய்ந்த ரீகானி தூவி, ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக ஊற்றுவார்கள். ரீகானி என்பது ஓரெகானோதான். கிரேக்க மலைகளில் விளைவது கிட்டத்தட்ட ஓமத்தின் காட்டம் இருக்கும்.

அந்த ஃபெட்டா எது என்பதற்குச் சட்டமே இருக்கிறது. 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் ஃபெட்டா என்ற பெயரைக் கிரேக்கத்துக்கு மட்டும் உரியதாகப் பதிவு செய்தது. டென்மார்க்கும் ஜெர்மனியும் எதிர்த்து வழக்குப் போட்டன. 2005இல் ஐரோப்பிய நீதிமன்றம் கிரேக்கத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. குறைந்தது எழுபது சதவீதம் செம்மறியாட்டுப் பால், மிச்சம் வெள்ளாட்டுப் பால். மாட்டுப்பால் கலக்கக் கூடாது. நம் நாக்குக்கு முதல் கடியில் உப்பும் புளிப்பும் தூக்கலாகத் தெரியும். தக்காளியோடு சேர்த்து எடுத்தால் சரியாகிவிடும், தனியாகச் சாப்பிட்டுப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

நல்ல ஹொரியாத்திகியா என்பதை மேலே பார்த்துச் சொல்ல முடியாது. கிண்ணத்தைக் கொஞ்சம் சாய்த்து அடியில் பாருங்கள். தக்காளிச் சாறும் எண்ணெயும் ஃபெட்டா உதிர்ந்த பாலும் சேர்ந்து இளஞ்சிவப்பில் ஒரு குளம் நிற்க வேண்டும். பழுத்த தக்காளி, உப்புப் போட்ட பிறகு கொஞ்ச நேரம், போதுமான எண்ணெய் மூன்றும் இருந்தால்தான் அது வரும். ரொட்டியைப் பிய்த்து அந்தக் குளத்தில் தோய்த்துச் சாப்பிடுவதற்குக் கிரேக்கர்கள் ‘பாபாரா’ என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். கையால்தான் செய்ய வேண்டும், வெட்கப்பட வேண்டாம். எனக்கு இந்தச் சாலட்டின் உச்சமே அதுதான்.

செப்டம்பரில் போவது நல்லதாகப் போயிற்று. தக்காளி இன்னும் நன்றாக இருக்கும். குளிர்காலத்தில் ஹொரியாத்திகி கேட்டால் வெளுத்த, புளிக்காத தக்காளி வரும். உள்ளூர்க்காரர்கள் அப்போது முட்டைக்கோஸ் சாலட்டுக்கு மாறிவிடுவார்கள். வெயில்காலத்தில் சில இடங்களில் ‘க்லீஸ்திரீதா’ என்ற கீரையைப் பச்சையாகச் சேர்ப்பார்கள். தட்டில் பார்த்ததும் அம்மா சிரிப்பார். அது நம் பருப்புக்கீரையேதான். அதேபோல் மெனுவில் ‘ஹோர்த்தா’ என்று இருந்தால் வேகவைத்த கீரை, வெதுவெதுப்பாக எண்ணெயும் எலுமிச்சையும் ஊற்றி வரும். என்ன கீரை என்று கேளுங்கள். வெயில்காலம் என்றால் ‘வ்லீத்தா’ என்பார்கள். அது நம் முளைக்கீரை, தண்டுக்கீரைக் குடும்பம். உப்பும் எலுமிச்சையும் மட்டும் போட்ட கீரை மசியல் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சலாத்தா என்ற சொல்லில் ஒரு பொறி இருக்கிறது. சொல்லின் வாலில் ‘சலாத்தா’ ஒட்டியிருந்தால் எல்லாம் இலை தழை என்று நம்பக் கூடாது. ‘மெலித்சானோசலாத்தா’ என்பது சுட்ட கத்தரிக்காயை மசித்த துவையல். நம் கத்தரிக்காய் கொத்சுவுக்கு நெருங்கிய உறவு, அம்மா தாராளமாகச் சாப்பிடலாம். ‘தராமோசலாத்தா’ என்பதும் பார்க்க அதே மாதிரிதான் வரும், இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ. ஆனால் அது உப்பிட்ட மீன் முட்டையை ரொட்டி அல்லது உருளைக்கிழங்கோடு அரைத்தது. இரண்டும் மெனுவில் ஒரே வரிசையில், ஒரே விலையில் நிற்கும். பெயரைக் கவனித்துப் படியுங்கள்.

அதேபோல் ‘ஃபாவா’. ஆங்கிலத்தில் இந்தப் பெயர் ஒரு மொச்சையைக் குறிக்கும். கிரேக்கத்தில் ஃபாவா என்றால் மஞ்சள் பருப்பை உடைத்துக் குழைய வேகவைத்து மசித்தது. மேலே பொடியாக நறுக்கிய பச்சை வெங்காயம், ஆலிவ் எண்ணெய், சில சமயம் கேப்பர் மொட்டு. சான்டோரினித் தீவின் ஃபாவா பேர்போனது. தாளிக்காத கெட்டிப் பருப்பு என்று சொன்னால் அம்மாவுக்கு உடனே புரிந்துவிடும். வீட்டு ஏக்கம் வரும் மூன்றாம் நாளில் இதைத்தான் கேட்பார்.

சைவத்துக்கு உதவும் சொற்களில் எனக்குப் பிடித்தவை இரண்டு. திராட்சை இலையில் அரிசி மடித்த தோல்மாதாக்கியா இரண்டு விதமாக வரும். ஒன்றில் கொத்துக்கறி, ஒன்றில் வெறும் அரிசியும் மூலிகையும். கறி இல்லாததற்கு ‘யலாந்த்சி’ என்று பெயர். துருக்கியில் ‘பொய்யன்’ என்று பொருள். கறி இருப்பதுபோல் பாவனை காட்டுவதால் அந்தப் பெயர். கறி வைத்ததில் பெரும்பாலும் முட்டையும் எலுமிச்சையும் கலந்த ‘அவ்கோலேமோனோ’ சாறு ஊற்றியிருக்கும். அந்தச் சொல் எங்கே தெரிந்தாலும் அம்மா விலகிக்கொள்ளலாம். இன்னொன்று கெமிஸ்தா, அரிசி அடைத்து அடுப்பில் வைத்த தக்காளியும் குடைமிளகாயும். கறி சேர்க்காத கெமிஸ்தாவை ‘ஒர்ஃபனா’ என்பார்கள். அநாதை என்று பொருள்.

‘நிஸ்தீசிமோ’ என்ற சொல்லைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். விரத உணவு என்று அர்த்தம். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ விரதத்தில் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் ஆகாது. ஆனால் ரத்தம் இல்லாதவை என்று கருதி ஆக்டோபஸ், கணவாய், இறால், சிப்பி ஆகியவற்றை அனுமதிக்கிறார்கள். அதனால் நிஸ்தீசிமோ என்று சொன்னதை நம்பி வாங்கினால் தட்டில் இறால் இருக்கலாம். ‘ஹொரிஸ் க்ரெயாஸ், ஹொரிஸ் ப்சாரி, ஹொரிஸ் தலஸினா, ஹொரிஸ் அவ்கோ’ என்று சொல்லுங்கள். இறைச்சி, மீன், கடலுணவு, முட்டை எதுவும் இல்லாமல் என்று பொருள். காகிதத்தில் கிரேக்க எழுத்தில் எழுதி வாங்கி அம்மாவின் கைப்பையில் வைத்துவிட்டால் இன்னும் நல்லது. பதிலில் ‘நே’ என்று வந்தால் ஆமாம். ‘ஓஹி’ என்றால் இல்லை. தலையை மேலே தூக்கி நாக்கால் ‘ச்’ கொட்டினாலும் இல்லை என்றுதான் அர்த்தம். நாமும் ‘ம்ச்’ கொட்டுவோமே, அதேதான்.

பெரிய தட்டுகளில் இரண்டு தலைப்புகளைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். ‘திஸ் ஓராஸ்’ என்றால் இந்த நேரத்துக்கு உரியது; நீங்கள் சொன்ன பிறகு அடுப்பில் போடுவது. ஆட்டு விலா, கோழி, சூவ்லாக்கி எல்லாம் இதில். ‘மகிரெஃப்தா’ என்றால் காலையிலேயே சமைத்து வைத்தது. கத்தரிக்காயும் கொத்துக்கறியும் அடுக்கிய முசாகா, கெமிஸ்தா, எண்ணெயில் மெதுவாக வெந்த காய்கறிகள் எல்லாம் இதில். அந்த எண்ணெய்க் காய்கறிகளுக்கு ‘லாதெரா’ என்று பெயர். லாதி என்றால் எண்ணெய். லாதெராவில் ‘பாம்யெஸ்’ என்று இருந்தால் தக்காளியில் வெந்த வெண்டைக்காய். இவை வெதுவெதுப்பாகத்தான் வரும். ஆறிப்போன பழையது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். கொதிக்கக் கொதிக்கச் சாப்பிட்டால் ஆலிவ் எண்ணெயின் வாசனை தெரியாது என்பதால் வேண்டுமென்றே ஆறவிடுகிறார்கள். மதியத்துக்கு மகிரெஃப்தா, இரவுக்குத் திஸ் ஓராஸ் என்பது என் வழக்கம். இரவு ஒன்பது மணிக்குக் காலைச் சட்டியின் அடிதான் மிஞ்சியிருக்கும்.

மெனுவில் ஒரு பெயருக்கு எதிரே விலை எழுதாமல் காலியாக இருந்தால் அன்றைக்கு அது இல்லை என்று பொருள். நட்சத்திரக் குறி இருந்தால் பெரும்பாலும் உறைய வைத்துக் கொண்டுவந்த சரக்கு. கணவாய்க்கும் இறாலுக்கும் நிறைய இடங்களில் அந்தக் குறி இருக்கும். அதை மறைக்காமல் சொல்லுகிற கடை நேர்மையான கடை.

மீன் வாங்குவதாக இருந்தால் இதைக் கட்டாயம் படியுங்கள். நல்ல மீன் தட்டுக் கணக்கில் விற்காது, கிலோக் கணக்கில். முதல் வருடம் ஒரு தீவில் நண்பரோடு போயிருந்தபோது, கிலோ அறுபது யூரோ என்று மெனுவில் பார்த்தேன். ஒரு மீன் இரண்டு பேருக்குப் போதும் என்றார் பரிசாரகர். சரி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வந்த மீன் பெரிது. ருசியில் குறையே இல்லை. பில்லில் 1.2 கிலோ, 72 யூரோ. எங்கள் இரண்டு பேர் சாப்பாட்டுக்கு நாங்கள் வைத்திருந்த மொத்தப் பணத்தைவிட அந்த மீன் ஒன்றே அதிகம். அன்றிலிருந்து ஐஸ் பெட்டிக்கு நானே எழுந்து போய், மீனைக் காட்டி, என் கண் முன்னால் எடை போட்டு, தொகையைக் கேட்ட பிறகுதான் தலையாட்டுவேன். கடைக்காரர்கள் இதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை, உள்ளூர்க்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். எடை சுத்தம் செய்வதற்கு முன் போடுவது என்பதையும் நினைவில் வையுங்கள். இந்தக் கவலை வேண்டாமென்றால் ‘காவ்ரோஸ்’ என்ற நெத்திலி இன மீனோ, மத்தியோ கேளுங்கள். பெரும்பாலும் தட்டு விலைதான், பொரித்து வரும், மகனுக்குப் பிடிக்கும்.

சரி, உங்கள் நான்கு பேருக்கு முதல் நாள் இரவு நான் என்ன சொல்வேன் என்று பார்ப்போம். எட்டரை மணிக்குப் போங்கள். கிரேக்கர்கள் ஒன்பதுக்கு மேல்தான் வருவார்கள், இடம் எளிதாகக் கிடைக்கும். உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டியும் தண்ணீரும் வரும். ரொட்டிக்கு ‘கூவெர்’ என்று தலைக்கு ஒரு சிறு தொகை பில்லில் சேரும். வேண்டாமென்றால் வைக்கும்போதே சொல்லிவிடலாம், ஆனால் பாபாராவுக்கு ரொட்டி தேவை என்பதால் நான் சொல்லமாட்டேன். முதல் சுற்றில் ஒரு ஹொரியாத்திகி, ஒரு தீரி சகனாக்கி, ஒரு ஃபாவா, ஒரு மெலித்சானோசலாத்தா, ஒரு யலாந்த்சி தோல்மாதாக்கியா. அம்மா சீஸ் வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தால் ஹொரியாத்திகியின் ஃபெட்டாவைத் தனித் தட்டில் கேளுங்கள், அல்லது ‘அங்கூரோதோமாத்தா’ என்று சொல்லுங்கள். வெள்ளரியும் தக்காளியும் மட்டும் உள்ள சாலட் அது, விலையும் குறைவு.

இவை பாதி முடிந்த பிறகு மெனுவைத் திரும்பக் கேளுங்கள். உங்கள் மூவருக்கும் ‘பைதாக்கியா’, அதாவது கரியில் சுட்ட ஆட்டுக்குட்டி விலா, அரைக் கிலோ. இதுவும் பல இடங்களில் கிலோக் கணக்குதான். அம்மாவுக்கு ஒரு தட்டு ஹோர்த்தாவோ, மிச்சம் இருந்தால் பாம்யெஸோ. கறி சுட்ட அதே கம்பிமேல் காய்கறியும் சுடுவார்கள் என்பதால் அவருக்குச் சுட்ட காய்கறித் தட்டு வேண்டாம். ஒயின் எடுப்பீர்கள் என்றால் வீட்டு ஒயினும் கிலோவில்தான் கேட்பது. ‘மிசோகிலோ’ என்றால் ஏறக்குறைய அரை லிட்டர்.

சாப்பிட்டு முடித்த பிறகு நிறைய இடங்களில் தர்பூசணியோ திராட்சையோ ஒரு தட்டு கேட்காமலே வரும். அது ‘கேராஸ்மா’, கடையின் உபசரிப்பு, காசு இல்லை. பில் மட்டும் நீங்கள் கேட்காமல் வராது. எழுந்து போகச் சொல்வதுபோல் ஆகிவிடும் என்று கொண்டுவரமாட்டார்கள். ‘தோ லோகரியஸ்மோ, பரகலோ’ என்று கேளுங்கள். வந்ததும் கூவெர் எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறது, பைதாக்கியாவின் எடை என்ன என்ற இரண்டு வரிகளை மட்டும் பாருங்கள். ரசீது தராவிட்டால் வாடிக்கையாளர் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்று மெனுவின் அடியிலேயே அச்சடித்திருக்கும். அச்சடித்த ரசீதை வாங்கிக்கொண்டு கொடுங்கள்.